மஞ்சள் எழுத்தும் பச்சைப் பின்னணியும்: ஸ்லைடுகளுக்கு நிறங்களைத் தேர்ந்து சோதிக்கும் முறை

ஒரு நிறுவனத்துக்கு இரண்டு மூன்று நிறங்களைத் தேர்ந்தெடுக்க உட்காருபவர்கள், தங்கள் தொழிலுக்கு எந்த நிறம் பொருந்தும் என்ற கேள்வியிலிருந்தே பெரும்பாலும் தொடங்குகிறார்கள். பெயர்ப்பலகைக்கும் பைக்கும் அந்தக் கேள்வி போதுமானதாக இருக்கலாம். அதே நிறங்களைக் கொண்டு ஸ்லைடுகளைச் செய்யும்போது மட்டும், இந்த நிறத்தின் மேல் அந்த நிறத்தில் எழுதினால் கடைசி வரிசையில் இருப்பவரால் படிக்க முடியுமா என்ற இன்னொரு கேள்வி எழுகிறது. நிறங்களைத் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு விடை கிடைக்காது. எழுத்தும் பின்னணியும் எப்போதும் இணையாகவே கண்ணில் படுகின்றன என்பதால், தேர்வையும் சோதனையையும் இணை இணையாகத்தான் செய்ய வேண்டும்.

இதை ஓர் உண்மையான வேலையைக் கொண்டு விளக்குகிறேன். ஈரோட்டுப் பக்கத்தில் மஞ்சள் பயிரிடும் விவசாயிகள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு விற்பனைக் குழுவுக்காக, லோகோவையும் ஸ்லைடுகளையும் அமைத்துக் கொடுத்தேன். நிறங்கள் பொருளிலிருந்தே வந்தன. காய்ந்த மஞ்சளை உடைத்தால் தெரியும் பொன்மஞ்சளுக்கு `#F2A900` என்ற குறியீட்டையும், மஞ்சள் இலையின் பச்சைக்கு `#1F5C3A` என்பதையும், மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துச் செய்யும் குங்குமத்தின் சிவப்புக்கு `#B3261E` என்பதையும் வைத்தோம். இந்தக் குறியீடுகளில் முதல் இரண்டு இடங்கள் சிவப்பு ஒளியின் அளவையும், அடுத்த இரண்டு பச்சையின் அளவையும், கடைசி இரண்டு நீலத்தின் அளவையும் சொல்கின்றன. `00` என்றால் அந்த ஒளி அறவே இல்லை, `FF` என்றால் முழு அளவு.

மூன்று நிறங்களும் தாளில் அருகருகே மிக அழகாக இருந்தன. ஆனால், ஒரு திருமண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் முதல் கூட்டம் நடந்தபோது, வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் நிறத்தில் இருந்த ‘மஞ்சள் விற்பனை’ என்ற தலைப்பு, நான்காவது வரிசையிலிருந்து பார்த்தால் ‘மஞசள விறபனை’ என்றே தெரிந்தது. எழுத்துகளின் உடல் மங்கலாகவேனும் இருந்தது. புள்ளிகள் முற்றாகப் போய்விட்டன. தமிழ் எழுத்தில் புள்ளிதான் மிகச் சிறிய உறுப்பு என்பதால், நிற வேறுபாடு போதாதபோது அதுவே முதலில் மறைகிறது. அதன்பின் ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் இடையிலான ஒரு சுழி அடைபட்டுப்போகிறது. ஆங்கில எழுத்துகளைப் போட்டுப் பார்த்துத் திருப்தி அடைந்த ஒரு நிற இணை, தமிழில் தவறிப்போவதற்கு இது முக்கியமான காரணம்.

கண் எதை அளக்கிறது

மஞ்சளும் வெள்ளையும் வெவ்வேறு நிறங்கள் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. இருந்தும் எழுத்து தெரியவில்லை என்றால், எழுத்தின் விளிம்பைக் கண் பிரித்தறிவது நிறத்தைக் கொண்டு அல்ல, ஒளிர்வைக் கொண்டு என்று பொருள். ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சமாகக் கண்ணில் படுகிறது என்பதே அதன் ஒளிர்வு. கறுப்புக்கு 0 என்றும் வெள்ளைக்கு 1 என்றும் வைத்து, மற்ற எல்லா நிறங்களையும் இடையில் நிறுத்துவது வழக்கம். மூன்று ஒளிகளும் இதில் சமமாகப் பங்கு கொள்வதில்லை: பச்சையின் பங்கு ஏறத்தாழ 72 விழுக்காடு, சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு 7. மஞ்சள் என்பது சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்தது. ஆகவே அதிகப் பங்குள்ள இரண்டையும் அது தன்னிடம் வைத்திருக்கிறது. நம்முடைய பொன்மஞ்சளின் ஒளிர்வு 0.47. கரும்பச்சை போலத் தோன்றும் இலைப் பச்சையின் ஒளிர்வு 0.08 மட்டுமே.

இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, 2008-இல் வெளியிட்ட அணுகல் நெறிகளில், இரண்டு நிறங்களுக்கு இடையிலுள்ள எடுப்பை அளக்க ஒரு வாய்பாட்டைத் தந்தது. இதைக் கான்ட்ராஸ்ட் விகிதம் என்கிறோம்.

```
(L1 + 0.05) / (L2 + 0.05)
```

`L1` என்பது இரண்டில் வெளிச்சமான நிறத்தின் ஒளிர்வு, `L2` மற்றதன் ஒளிர்வு. கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தால் விகிதம் 21. அதற்கு மேல் போக முடியாது. ஒரே நிறத்தை அதன் மேலேயே வைத்தால் 1. வழக்கமான எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்றும், எழுத்தளவின் அலகான புள்ளியில் 18-ஓ அதற்கு மேலோ உள்ள பெரிய எழுத்துக்கு 3 போதும் என்றும் அந்த நெறிகள் சொல்கின்றன. வரைபடத்தின் பட்டைகளும் குறிகளும் பின்னணியிலிருந்து பிரிந்து தெரியவும் 3 வேண்டும் என்ற விதி 2018-இல் சேர்ந்தது. இவற்றைக் கையால் கணக்கிட வேண்டியதில்லை; `WebAIM Contrast Checker` போன்ற இலவசக் கருவியில் இரண்டு குறியீடுகளையும் இட்டால் விகிதம் உடனே வந்துவிடும்.

பெரிய எழுத்துக்கு 3 போதும் என்ற சலுகையை ஸ்லைடுகளில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்தச் சலுகை, மேசைமேல் இருக்கும் திரையை அருகிலிருந்து படிப்பவரை மனத்தில் வைத்துச் செய்தது. பவர்பாயிண்டின் அகலமான ஸ்லைடு 540 புள்ளி உயரம் கொண்டது. அதில் 24 புள்ளி எழுத்து என்பது உயரத்தில் இருபத்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். ஒன்றரை மீட்டர் உயரமுள்ள திரையில் அது ஏழு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக விழும். 12 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு அது, 60 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்த தாளில் உள்ள ஒன்பதரைப் புள்ளி எழுத்தின் அளவுதான். ஸ்லைடு செய்பவருக்குப் பெரிதாகத் தெரியும் எழுத்து, கடைசி வரிசைக்குச் சிறிய எழுத்தே. ஆகவே ஸ்லைடில் வரும் எழுத்து எதுவானாலும் 4.5-க்குக் கீழே இறங்கக் கூடாது என்றும், பத்தியாக வரும் எழுத்துக்கு 7-க்கு மேல் இருப்பது நல்லது என்றும் வைத்துக்கொள்கிறேன்.

இணைகளைக் கணக்குப் பார்த்தல்

மூன்று நிறங்களோடு வெள்ளையையும் சேர்த்தால் நான்கு நிறங்கள். அவற்றிலிருந்து ஆறு இணைகள் வரும். ஆறையும் அளந்து ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டால், அதன்பின் ஒவ்வொரு ஸ்லைடிலும் யோசிக்க வேண்டியதில்லை.

வெள்ளையின் மேல் மஞ்சள் எழுத்து 2.0 தான் வந்தது. மண்டபத்தில் புள்ளிகள் மறைந்ததற்கு இந்த ஒரு எண்ணே போதிய விளக்கம். வெள்ளையின் மேல் பச்சை 7.9, வெள்ளையின் மேல் சிவப்பு 6.5, இரண்டும் நன்றாகத் தேறின. பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்துதான் குழுவினர் அனைவருக்கும் மிகவும் பிடித்த இணை. அதன் விகிதம் 3.9. கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தபோதிலும் எல்லைக்குச் சற்றுக் கீழே நின்றது.

இந்த நிலையில் தொடக்கக்காரர் பெரும்பாலும் மஞ்சளின் மேல் கைவைப்பார். அதை இருட்டாக்கினால் வெள்ளையின் மேலும் தெரியுமே என்று தோன்றும். ஆனால் மஞ்சளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு: அதன் ஒளிர்வைக் குறைத்துக்கொண்டே போனால் அது கருமஞ்சள் ஆவதில்லை, காவியாகவும் பழுப்பாகவும் மாறிவிடுகிறது. வெள்ளையின் மேல் 4.5 வரும்வரை இருட்டாக்கிய மஞ்சளை யாரும் மஞ்சள் என்று அழைக்க மாட்டார்கள். மஞ்சள் விற்பவரின் லோகோவில் அதைச் செய்வது பொருளையே மாற்றிவிடும். பச்சை அப்படியன்று. எவ்வளவு இருட்டாக்கினாலும் பச்சை பச்சையாகவே இருக்கும். அதிலும் இலையின் நிறத்துக்கு இருட்டு இயல்பாகவே பொருந்துகிறது. ஆகவே மஞ்சளைத் தொடாமல் பச்சையை `#12442A` ஆக்கினோம். ஒளிர்வு 0.08-இலிருந்து 0.04-க்கு இறங்கியது. மஞ்சளோடு சேர்ந்த விகிதம் 3.9-இலிருந்து 5.5-க்கு ஏறியது, வெள்ளையோடு 11.1 ஆனது. ஒரே மாற்றத்தில் இரண்டு இணைகள் சீராயின.

தொகுப்பில் ஒரு நிறமாவது இவ்வாறு நன்றாக இருண்டிருக்க வேண்டும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை விதி. அந்த இருண்ட நிறமே வெள்ளைத் தாளில் எழுத்தாகவும், இருண்ட ஸ்லைடில் பின்னணியாகவும் வேலை செய்யும். ஒளிர்வில் நடுத்தரமான இரண்டு நிறங்களை மட்டும் வைத்துக்கொண்டவருக்கு, பத்தி எழுத்துக்குப் போதிய எடுப்பு வெள்ளையின் மேலும் இல்லை, கறுப்பின் மேலும் இல்லை என்ற நிலைதான் மிஞ்சும்.

அடுத்துச் சிவப்பு. புதிய பச்சையின் மேல் அதற்குக் கிடைத்த விகிதம் 1.7 தான், பழைய பச்சையின் மேல் இன்னும் மோசம், 1.2. நிறச்சாயலில் இவை இரண்டும் எதிரெதிர் என்பதால், அருகே வைத்தால் எடுப்பாக இருக்கும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஒளிர்வில் அவை ஏறத்தாழ ஒன்று. விலை ஏறிய மாதங்களுக்குப் பச்சைப் பட்டையும் இறங்கிய மாதங்களுக்குச் சிவப்புப் பட்டையும் வைத்து ஒரு வரைபடத்தை முதலில் செய்திருந்தோம். அந்த ஸ்லைடைப் படமாகச் சேமித்து, கைபேசியின் படத்தொகுப்புச் செயலியில் நிறச்செறிவைச் சுழியமாக்கிப் பார்த்தபோது, பன்னிரண்டு பட்டைகளும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் நின்றன. எது ஏற்றம், எது இறக்கம் என்று சொல்ல வழியே இல்லை.

சாம்பலாக்கிப் பார்க்கும் இந்தச் சோதனை ஒரு நிமிடத்தில் முடியும் என்றாலும், அதைப் பவர்பாயிண்டின் `Grayscale` காட்சியில் செய்ய வேண்டாம். அந்தக் காட்சி அச்சுக்காக அமைந்தது. பின்னணியை வெண்மையாக்கி, சில வடிவங்களின் நிறத்தையும் தானாகவே மாற்றிவிடும். ஸ்லைடில் உண்மையில் இருக்கும் ஒளிர்வு அதில் தெரியாது. படமாகச் சேமித்துச் செறிவைக் குறைப்பதே நம்பத்தக்க வழி.

சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத பார்வைக் குறையும் இங்கே நேரடியாகத் தொடர்புடையது. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேர்வரை இந்தக் குறை உடையவர்கள். மற்ற மக்களிடையே இது சற்றுக் குறைவு, பெண்களிடம் மிகவும் குறைவு. முப்பது ஆண்கள் இருக்கும் கூட்டத்தில் ஒருவரேனும் இருக்க நல்ல வாய்ப்புண்டு. வரைபடத்தை மஞ்சளும் கரும்பச்சையுமாக மாற்றியதும் பட்டைகளுக்கு இடையிலான விகிதம் 5.5 ஆகி, இந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் பட்டைக்கு மீண்டும் 2.0 தான் என்பதால், அதைச் சுற்றி மெல்லிய கரும்பச்சைக் கோடு இட்டு, மதிப்பைப் பட்டையின் மேலேயே எழுதினோம். சிவப்பு, வெள்ளை ஸ்லைடில் ஒரே ஓர் எண்ணையோ சொல்லையோ சுட்டிக்காட்ட மட்டும் என்று முடிவாயிற்று. பச்சையின் மேல் அதற்கு இடமில்லை.

அட்டவணை வரிகளுக்கு நான்காவது நிறம் வேண்டும் என்று ஒருவர் கேட்டார். புதிய நிறம் தேவைப்படவில்லை. பச்சையையே நன்றாக வெளிறச்செய்து `#CFE3D6` ஆக்கி, அதன் மேல் கரும்பச்சையில் எழுதினால் 8.3 கிடைக்கிறது.

கூடத்தின் வெளிச்சம் செய்யும் வேலை

கருவி காட்டும் எண் நல்ல திரைக்கு உரியது. புரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது என்பதை இங்கே மனத்தில் வைக்க வேண்டும். அது ஒளியைக் கூட்ட வல்லதே தவிரக் குறைக்க வல்லதன்று. கறுப்பு என்று நாம் வைத்த இடத்தில் தெரிவது, கூடத்தின் விளக்கொளி பட்ட வெள்ளைத் திரைதான். அந்த வேண்டாத ஒளி எழுத்தின் மேலும் பின்னணியின் மேலும் சம அளவில் விழுவதால், இருண்ட பகுதியே அதிகம் பாதிக்கப்படுகிறது.

மேலே தந்த வாய்பாட்டில் உள்ள 0.05 என்பதே, இயல்பான சூழலில் திரையில் படியும் அத்தகைய ஒளிக்காக வைத்ததுதான். ஆகவே கூடம் வெளிச்சமாக இருந்தால் என்ன ஆகும் என்பதை நாமே மதிப்பிடலாம். புரொஜெக்டர் காட்டும் முழு வெள்ளையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு விளக்கொளி கூடுதலாகத் திரையில் விழுகிறது என்று வைத்துக்கொண்டு, மேலும் கீழும் 0.20 கூட்டிப் பார்த்தேன். கறுப்பு, வெள்ளை இணையே 21-இலிருந்து 5-க்கு விழுந்துவிடுகிறது. வெள்ளையும் கரும்பச்சையும் 11.1-இலிருந்து 4.2 ஆகின்றன. கரும்பச்சையும் மஞ்சளும் 5.5-இலிருந்து 2.5 ஆகின்றன.

கணினித் திரையில் அரும்பாடுபட்டுச் சீர்செய்த மஞ்சள் எழுத்து, டியூப் லைட் எரியும் கூடத்தில் மறுபடியும் தோற்றுவிடுகிறது என்பதை இந்த எண்கள் தெளிவாகக் காட்டுகின்றன. எனவே நிறத்தொகுப்பை மாற்றாமல் வேலைப் பங்கீட்டை மாற்றினோம். படிக்க வேண்டியது எல்லாம் வெள்ளையும் கரும்பச்சையுமாகவே இருக்கும். தலைப்பு ஸ்லைடில் பச்சையின் மேல் வெள்ளை, மற்றவற்றில் வெள்ளையின் மேல் பச்சை. மஞ்சள் எழுத்தாக வராது. தலைப்பின் கீழே தடித்த கோடாகவும், வரைபடப் பட்டையாகவும், ஓரப் பட்டையாகவும் வரும். மஞ்சளைக் குறைத்துவிட்டோமோ என்று குழுவினர் தயங்கினார்கள். பெரிய பரப்பாக வரும் மஞ்சள், மங்கிய எழுத்தாக வரும் மஞ்சளைவிட வலுவாகவே நிற்கும். பார்த்ததும் அவர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

எவ்வளவு கணக்குப் போட்டாலும், கூட்டம் நடக்கப்போகும் கூடத்திலேயே ஒருமுறை பார்ப்பதற்கு ஈடில்லை. அதற்கென ஒரு சோதனை ஸ்லைடைச் செய்து வைத்திருக்கிறேன். அனுமதித்த ஒவ்வொரு இணையிலும் ஒரே வரியை 18, 24, 32 புள்ளி அளவுகளில் எழுதியது அது. வரியில் ஊகித்துப் படிக்க முடியாத ஊர்ப்பெயர்களும் எண்களும் இருக்க வேண்டும்: ‘மொடக்குறிச்சி 83, கொடுமுடி 38, பெருந்துறை 68’ என்பது போல. பழகிய வாக்கியத்தை வைத்தால், மறைந்த புள்ளியை மனமே போட்டுக்கொள்ளும். 3-ஐயும் 8-ஐயும் மாற்றி வைத்தால் ஊகம் உதவாது. இதே காரணத்தால், ஸ்லைடைச் செய்தவர் படித்துப் பார்ப்பது சோதனை ஆகாது. ஸ்லைடை முன்பு பார்த்திராத ஒருவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, விளக்குகளை எரியவிட்டு, சன்னல் திரையை நடைமுறையில் எப்படி இருக்குமோ அப்படியே விட்டு, உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். அவர் தடுமாறும் அளவுக்குக் கீழே அந்த ஸ்லைடில் எழுத்து வரக் கூடாது. எங்கள் இரண்டாவது கூட்டத்துக்கு முன்பு அப்படிச் செய்தபோது, 24 புள்ளியில் வெள்ளை, பச்சை இணைகள் இரண்டும் தேறின. 18 புள்ளியில் எதுவுமே தேறவில்லை. விளைச்சல் அட்டவணையை இரண்டு ஸ்லைடுகளாகப் பிரித்தோம்.

பச்சையின் மேல் வெள்ளை, வெள்ளையின் மேல் பச்சை ஆகிய இரண்டு ஏற்பாடுகளுக்கும் ஒளி கெடுக்கும் அளவு கணக்கில் ஒன்றே என்றாலும், வெளிச்சமான கூடத்தில் வெள்ளைப் பின்னணியையே நான் விரும்புகிறேன். பச்சைப் பின்னணி விளக்கொளியில் சாம்பல் பூத்தது போல வெளிறி, பிராண்டின் நிறமாகவே தெரிவதில்லை. பின்னணியாகப் படம் வைக்கும் ஸ்லைடுகளுக்கு எண் எதுவும் உதவாது. வயலின் படத்தில் வானம் ஓர் ஒளிர்வு, மண் ஓர் ஒளிர்வு. எழுத்து வரும் இடத்தில் கரும்பச்சைப் பட்டை ஒன்றை முழு நிறத்தோடு வைத்து, அதன் மேல் வெள்ளையில் எழுதிவிடுவதே போதும்.

முடிவான நிறங்களை ஒவ்வொரு ஸ்லைடிலும் கையால் இடக் கூடாது. `Design` தாவலில் `Variants`, `Colors`, `Customize Colors` என்று சென்று தொகுப்பாகப் பதிந்துவிட வேண்டும். அங்கே எழுத்துக்கும் பின்னணிக்குமாக நான்கு இடங்களும், `Accent` என்ற பெயரில் ஆறு இடங்களும், இணைப்புகளுக்கென இரண்டு இடங்களும் இருக்கும். ஆறு `Accent` இடங்களையும் கரும்பச்சை, மஞ்சள், வெளிர்பச்சை, சிவப்பு ஆகியவற்றையே திரும்ப இட்டு நிரப்பிவிடுங்கள். மாற்றாமல் விட்டால் பவர்பாயிண்டின் சொந்த நீலமும் செம்மஞ்சளும் அடுத்து வரும் வரைபடத்தில் நுழைந்துவிடும். இணைப்புக்கான இடங்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பல ஆண்டுகளாக வந்த வார்ப்புருக்களில் இணைப்பின் நிறம் `#0563C1` என்ற நீலம். வெள்ளையின் மேல் அது நன்றாகத் தெரியும், நம் கரும்பச்சையின் மேல் அதன் விகிதம் 1.9 தான். குழுவின் மின்னஞ்சல் முகவரியும் இணையதள முகவரியும் கடைசி ஸ்லைடில் பச்சைப் பின்னணியில் இருந்தன, தட்டச்சு செய்த உடனே தாமாகவே அந்த நீலத்துக்கு மாறியிருந்தன. `Hyperlink`, `Followed Hyperlink` ஆகிய இரண்டு இடங்களிலும் கரும்பச்சையைப் பதிந்து, கடைசி ஸ்லைடின் பின்னணியை வெள்ளையாக்கிய பிறகே முகவரிகள் கடைசி வரிசைவரை தெரிந்தன.